எல்.இ.டி.யில் பிளாங்க் மாறிலி: கோட்பாட்டுப் பக்கம் விட்டுவிடும் பாதி

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நாலைந்து எல்.இ.டி.கள், ஒரு பேட்டரி, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மாறுமின்தடை, இரண்டு மல்டிமீட்டர்கள். பிளாங்க் மாறிலியை மதிப்பிட இவ்வளவு போதும் என்பதால்தான் பள்ளி, கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் இந்தச் சோதனைக்கு நிலையான இடம் கிடைத்திருக்கிறது. விடை பெரும்பாலும் பத்து, இருபது சதவீதம் தள்ளியே வரும். மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் “கருவிப் பிழை” என்று எழுதி முடித்துவிடுவார்கள். கருவியின் மேல் பெரிய தவறு இல்லை. பிழையின் பெரும்பகுதி, நோட்டின் முதல் பக்கத்தில் ‘கோட்பாடு’ என்ற தலைப்பின் கீழ் எழுதப்படும் ஒற்றை வரியில் இருக்கிறது.

அந்த வரி eV = hf. எலக்ட்ரானின் மின்னூட்டம் e, எல்.இ.டி. ஒளிரத் தொடங்கும் மின்னழுத்தம் V, வெளிவரும் ஒளியின் அதிர்வெண் f, பிளாங்க் மாறிலி h. சமன்பாட்டின் வலப்பக்கத்தில் குறையில்லை. 1900 டிசம்பரில் பெர்லினில் மேக்ஸ் பிளாங்க் முன்வைத்ததும், 1905-இல் ஐன்ஸ்டைன் ஒளிக்கே பொருந்தும் என்று வாதிட்டதும் அதுதான்: ஒரு ஃபோட்டானின் ஆற்றல் அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதம். சிக்கல் இடப்பக்கத்தில்.

எல்.இ.டி.க்குள் இருப்பது இரண்டு வகைக் குறைகடத்திகள் சேர்ந்த ஒரு சந்தி. ஒரு பக்கம் எலக்ட்ரான்கள் மிகுதி; மறுபக்கம் எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களான துளைகள் மிகுதி. முன்னோக்கிய மின்னழுத்தம் கொடுத்தால் இரண்டும் சந்தியில் கூடுகின்றன. மேல் ஆற்றல் பட்டையிலிருக்கும் எலக்ட்ரான் கீழ்ப் பட்டையிலுள்ள துளையில் விழும்போது, இரு பட்டைகளுக்கும் நடுவிலுள்ள ஆற்றல் இடைவெளி Eg ஃபோட்டானாக வெளியேறுகிறது. ஆகவே hf ஏறத்தாழ Eg-க்குச் சமம். ஒளியின் நிறத்தைத் தீர்மானிப்பது நாம் கொடுக்கும் மின்னழுத்தம் அல்ல, அந்தப் பொருளின் இடைவெளி. அப்படியானால் கோட்பாடு விளக்க வேண்டியது ஒன்றுதான்: வெளியே மல்டிமீட்டர் காட்டும் V-க்கும் உள்ளே இருக்கும் Eg-க்கும் என்ன உறவு?

சமம் என்று பாடக்குறிப்புகள் சொல்கின்றன. ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எடுத்துச் சரிபார்க்கலாம். அதன் அலைநீளம் 630 நானோமீட்டர். 1240-ஐ நானோமீட்டர் அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான்-வோல்ட் அலகில் கிடைக்கும், இங்கே 1.97. அதாவது 1.97 வோல்ட் வரை இருட்டு, அதைத் தாண்டினால் வெளிச்சம் என்றிருக்க வேண்டும். உண்மையில் 1.7 வோல்ட்டிலேயே அது ஒளிரத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் பேட்டரி கொடுப்பது 1.7 எலக்ட்ரான்-வோல்ட், வெளியே வரும் ஃபோட்டானிடம் இருப்பது 1.97. மீதி எங்கிருந்து வந்தது?

வெப்பத்திலிருந்து. அறை வெப்பநிலையில் படிகத்துக்குள் எல்லா எலக்ட்ரான்களுக்கும் ஒரே ஆற்றல் இருப்பதில்லை. சிலவற்றுக்குப் படிகத்தின் வெப்ப அதிர்வுகளே மீதி ஆற்றலைத் தந்து சந்திக்குத் தள்ளிவிடுகின்றன. இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 135 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி.க்கு 30 பிகோவாட் மின்திறன் கொடுத்து, 69 பிகோவாட் ஒளியைப் பெற்றார்கள். கூடுதலாக வந்தது அதன் வெப்பத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆற்றல் அழிவின்மை விதிக்கு எந்தப் பங்கமும் இல்லை.

வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டால் எல்.இ.டி.யின் மின்னோட்டத்துக்கான சமன்பாடு இப்படி அமையும்:

I = C exp[−(Eg − eV)/nkT]

k என்பது போல்ட்ஸ்மன் மாறிலி, T கெல்வின் வெப்பநிலை. n என்பது 1-க்கும் 2-க்கும் இடையே வரும் ஓர் எண். சந்தியில் எலக்ட்ரானும் துளையும் எந்த வழியில் இணைகின்றன என்பதைப் பொறுத்தது. C என்பது பொருளையும் சந்தியின் அமைப்பையும் பொறுத்தது. இந்தச் சமன்பாட்டைச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். இதில் “தொடங்கும் மின்னழுத்தம்” என்று எதுவுமே இல்லை. மின்னோட்டம் எந்த இடத்திலும் திடீரென்று முளைப்பதில்லை. மின்னழுத்தம் கூடக் கூட மடங்குகளாகப் பெருகிக்கொண்டே போகிறது. n-இன் மதிப்பு 2 என்றால், அறை வெப்பநிலையில் 0.12 வோல்ட் கூட்டும்போதெல்லாம் மின்னோட்டம் பத்து மடங்காகும்.

அப்படியென்றால் வரைபடத்தில் தெரியும் அந்த ‘முழங்கால்’ வளைவு? அது வரைபடத்தாளின் அளவுத்திட்டம் உண்டாக்குவது. செங்குத்து அச்சில் 20 மில்லி ஆம்பியர் வரை குறித்தால் சிவப்பு எல்.இ.டி. 1.8 வோல்ட் அருகே வளைவதாகத் தெரியும். அதே அளவீடுகளை 20 மைக்ரோ ஆம்பியர் அச்சில் வரையுங்கள். வளைவு ஏறத்தாழ 0.36 வோல்ட் இடப்பக்கம் நகர்ந்து நிற்கும். ஒரே எல்.இ.டி., ஒரே அளவீடு, இரண்டு தொடக்க மின்னழுத்தங்கள். இதைக் கோட்பாட்டுப் பக்கத்தில் சொல்லாமல் விட்டால், பின்னால் எடுக்கும் அளவீடுகளுக்குப் பொருளே இல்லை.

இருட்டில் வைத்து “முதல் மினுக்கம்” தெரியும் மின்னழுத்தத்தைக் கண்ணால் குறிக்கும் முறை இதைவிட மோசம். பகல் பார்வையில் நம் கண் 555 நானோமீட்டர் பச்சையை மிக நன்றாக உணர்கிறது. 630 நானோமீட்டர் சிவப்புக்கு அந்த உணர்திறன் ஏறத்தாழ கால்பங்கு. 470 நானோமீட்டர் நீலத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருளுக்குப் பழகிய கண்ணுக்கு இந்த விகிதங்கள் இன்னும் மாறிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு மின்னோட்டத்தில் V குறிக்கப்படுவதால், பார்ப்பவரின் கண்ணும் விடைக்குள் நுழைந்துவிடுகிறது.

சரியான வழி, எல்லா எல்.இ.டி.களிலும் ஒரே சிறிய மின்னோட்டத்தை, உதாரணமாக 10 மைக்ரோ ஆம்பியரை, ஓடவிட்டு V-ஐ அளப்பது. மின்னோட்டம் சிறிதாக இருந்தால் உள்தடையால் விழும் மின்னழுத்தமும் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் குறைகிறது. 10 ஓம் உள்தடை 20 மில்லி ஆம்பியரில் 0.2 வோல்ட்டை விழுங்கிவிடும். சிறு மின்னோட்டத்தில் சமன்பாடு இப்படி மாறும்:

eV = hf − nkT ln(C/I)

கடைசி உறுப்பு எல்லா எல்.இ.டி.களுக்கும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. V-ஐ f-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அது ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, ஆனால் சாய்வு h/e-ஆகவே இருக்கும். ஒற்றை எல்.இ.டி.யிலிருந்து h கணக்கிடாமல் பல நிறங்களின் சாய்வை எடுப்பதன் காரணம் இதுதான்.

ஒன்றாக இருக்குமா? மாதிரிக்கு ஒரு கணக்கு. சிவப்பு, 630 நானோமீட்டர், 1.75 வோல்ட். நீலம், 470 நானோமீட்டர், 2.55 வோல்ட். தனித்தனியே h கணக்கிட்டால் சிவப்பில் 5.89 × 10⁻³⁴, நீலத்தில் 6.40 × 10⁻³⁴ ஜூல் விநாடி வரும். உண்மை மதிப்பு 6.626 × 10⁻³⁴. இரண்டுமே குறைவு. இப்போது இரண்டு புள்ளிகளையும் இணைத்துச் சாய்வை எடுங்கள். அதிர்வெண் வேறுபாடு 1.62 × 10¹⁴ ஹெர்ட்ஸ், மின்னழுத்த வேறுபாடு 0.80 வோல்ட், h ஏறத்தாழ 7.9 × 10⁻³⁴. தனித்தனியே குறைவாக வந்தது, சேர்த்ததும் பத்தொன்பது சதவீதம் அதிகமாகிவிட்டது!

ஃபோட்டான் ஆற்றலோடு ஒப்பிட்டால் காரணம் புலப்படும். சிவப்பில் மின்னழுத்தம் 0.22 வோல்ட் குறைவு, நீலத்தில் 0.09 மட்டுமே குறைவு. சிவப்பு எல்.இ.டி. அலுமினியம், காலியம், இண்டியம், பாஸ்பரஸ் சேர்ந்த படிகம். நீலம் இண்டியம், காலியம், நைட்ரஜன் சேர்ந்தது. இரண்டு குடும்பங்களுக்கும் C வேறு, n வேறு. மாறிலி என்று நாம் எண்ணிய உறுப்பு நிறத்தோடு சேர்ந்து மாறி, சாய்வுக்குள் கலந்துவிட்டது.

1916-இல் மில்லிகன் ஒளிமின் விளைவைக் கொண்டு h-ஐ அளந்தபோதும் மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு எதிராகத்தான் வரைந்தார். அவருக்கு விடை ஒரு சதவீதத்துக்குள் சரியாக வந்தது. அவர் ஒரே உலோகப் பரப்பை வைத்துக்கொண்டு ஒளியை மட்டும் மாற்றினார். ஆகவே உலோகத்தின் பண்பு வெட்டுத்துண்டிலேயே தங்கிவிட்டது, சாய்வைத் தொடவில்லை. எல்.இ.டி. சோதனையில் ஒவ்வொரு புள்ளியும் வேறொரு பொருள். என் பார்வையில் இந்தச் சோதனையின் மெய்யான பலவீனம் இதுதான். மல்டிமீட்டரின் கடைசி இலக்கம் அல்ல.

ஒரே குடும்பத்திலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மட்டும் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். எடுக்கலாம். ஆனால் 630-க்கும் 590-க்கும் நடுவே மின்னழுத்தம் 0.13 வோல்ட்தான் மாறும், 0.01 வோல்ட் தவறினாலும் விடை எட்டு சதவீதம் நகரும். வெள்ளை எல்.இ.டி.யை எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது: உள்ளே இருப்பது பொதுவாக நீலச் சில்லு, அதன் மேல் பூசிய ஒளிர்பொருள்தான் மஞ்சளைச் சேர்க்கிறது.

சில கல்லூரி ஆய்வகங்களில் சிறு அடுப்போடு கூடிய வேறொரு முறை இருக்கிறது. ஒரே எல்.இ.டி., நிலையான மின்னழுத்தம், சிவப்புக்கு 1.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலையை உயர்த்திக்கொண்டே மின்னோட்டத்தை அளந்து, ln I-ஐ 1/T-க்கு எதிராக வரைந்தால் சாய்வு −(Eg − eV)/nk. n-ஐ முன்பே அறை வெப்பநிலையில் ln I-V கோட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் Eg கிடைக்கும்; அதை f-ஆல் வகுத்தால் h. இதன் அழகு, இடைவெளியின் பெரும்பகுதியான 1.8-ஐ வோல்ட்மீட்டர் நேரடியாகத் தந்துவிடுகிறது; மீதமுள்ள சிறுபகுதிக்குத்தான் வெப்பக் கணக்கு. குறையும் உண்டு. சூடேறும்போது Eg தானும் சுருங்குவதால் விடை சில சதவீதம் கூடுதலாக வர இடமிருக்கிறது.

2019 மே 20 முதல் h-இன் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல் விநாடி என வரையறையாலேயே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. இனி இந்தச் சோதனையில் மெய்யாகவே நாம் அறிவது நம் கையிலுள்ள எல்.இ.டி.யைப் பற்றித்தான். ஆகவே இந்தச் சோதனையைச் செய்யப்போகிற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோட்பாட்டில் eV = hf என்று எழுதியதோடு நிறுத்தாமல், எந்த மின்னோட்டத்தில் V அளக்கப்பட்டது, எந்தெந்த எல்.இ.டி. எந்தப் பொருளால் ஆனது என்ற இரண்டையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வெட்டுத்துண்டின் மதிப்பையும் மறைக்காமல் பதியுங்கள்.