கிரீன் டீயும் கிரீன் டீ மாத்திரையும் ஒன்றல்ல

மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கிரீன் டீ குறைக்குமா என்று பார்க்க, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாதவிடாய் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள. பாதிப் பேருக்கு ஓராண்டு முழுக்கக் கிரீன் டீ சாறு அடைத்த கேப்சூல். மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெற்றுக் கேப்சூல். சாறு சாப்பிட்டவர்களின் உடலுக்குள் தினமும் போனது 843 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. கிரீன் டீயில் இருக்கும் 'கேட்டகின்' பொருள்களில் முதன்மையானது இதுதான்.

இடையிடையே எடுத்த ரத்தப் பரிசோதனைகள் வேறொரு கதையைச் சொல்லின. சாறு சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கல்லீரல் நொதிகள் கவலைப்படும் அளவுக்கு ஏறியிருந்தன. வெற்றுக் கேப்சூல் சாப்பிட்டவர்களில் இது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கேப்சூலை நிறுத்தியதும் அளவு இறங்கியது. மீண்டும் தொடங்கியவர்களுக்கு மறுபடி ஏறியது. தற்செயல் என்று தள்ளிவிட இடமில்லை.

அந்தக் கேப்சூல்களில் காஃபீன் நீக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 'காஃபீன் இல்லாதது' என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. கல்லீரலைப் பதம்பார்ப்பதாகச் சந்தேகிக்கப்படுவது காஃபீன் அல்ல, கேட்டகின்.

கேட்டகின் கோப்பையிலும் இருக்கிறதே? இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கணக்கிட்டபடி, கிரீன் டீ குடிப்பவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் வரை ஈ.ஜி.சி.ஜி. கிடைக்கிறது. அதுவும் வெந்நீரில் கரைந்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. கேப்சூலில் அதே பொருள் செறிவாக, ஒரே மடக்கில் இறங்குகிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் அதன் அளவு, சாப்பாட்டோடு எடுப்பதைவிட மூன்று மடங்குக்கும் மேல் உயர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடை குறைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் காலையில் பட்டினியாக இருக்கும்போதுதானே இதை விழுங்குகிறார்கள்!

சாதாரண கிரீன் டீயைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே அந்த ஆணையம் சொன்னது. குடித்ததால் கல்லீரல் கெடுவது மிக அரிது. மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக எச்சரித்தது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதையே சட்ட வரம்பாக்கியது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சாப்பிடக் கூடாது, வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்றெல்லாம் டப்பாவில் அச்சிட வேண்டும்.

ஆனால் 799 வரை ஆபத்தில்லை என்று இதற்குப் பொருளில்லை. பிரான்சிலும் ஸ்பெயினிலும் எடை குறைக்க விற்ற 'எக்ஸோலிஸ்' மாத்திரையில் கிரீன் டீயை ஆல்கஹால் கொண்டு பிரித்தெடுத்திருந்தார்கள். அதன் தினசரி அளவில் ஈ.ஜி.சி.ஜி. வெறும் 375 மில்லிகிராம்தான். கல்லீரல் பாதிப்புப் புகார்கள் வந்ததால் 2003-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

சிலருக்கு மட்டும் ஏன் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் 2021-ல் ஒரு துப்பு கொடுத்தார்கள். கிரீன் டீ சாற்றால் கல்லீரல் கெட்டவர்களில் 72 சதவீதம் பேரிடம் எச்.எல்.ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது. அது இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதால், முன்கூட்டியே சோதித்து ஆளைப் பிரிக்க இது உதவாது.

டப்பாவைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. '500 மி.கி. சாறு, ஈ.ஜி.சி.ஜி. 45 சதவீதம்' என்றிருந்தால் ஒரு கேப்சூலில் 225 மில்லிகிராம். நாளுக்கு மூன்று என்றால் 675. 'பாலிபீனால் 90 சதவீதம்' என்று மட்டும் போட்டிருந்தால் அதில் ஈ.ஜி.சி.ஜி. எவ்வளவு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

காஃபீன் கணக்கு தனி. ஐரோப்பிய வரம்பு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி 300-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. அதன்படி 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 வரை, ஒரு தேநீரில் 30 முதல் 65 வரை. இரண்டு காபி, இரண்டு டீ குடிப்பவருக்கே 370 வரை போகலாம். அதன்மேல் காஃபீன் சேர்த்த 'ஃபேட் பர்னர்' மாத்திரையும் என்றால் படபடப்பும் தூக்கமின்மையும் வரக்கூடும்.

கல்லீரல் அப்படி உடனே குரல் கொடுக்காது. பாதிப்பு பெரும்பாலும் சில வாரங்கள், மாதங்கள் கழித்தே தெரியும்: காரணமில்லாத அசதி, குமட்டல், அரிப்பு, அடர்நிறச் சிறுநீர், மஞ்சளான கண்வெள்ளை. அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு டப்பாவோடு மருத்துவரிடம் போய் எல்.எஃப்.டி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்று அவர் கேட்கும்போது, மூலிகைதானே என்று இதைச் சொல்லாமல் விட்டால் அவர் வைரஸ் காமாலையைத் தேடிக்கொண்டிருப்பார்.