ஒன்றரை ஷிப்டுக்கு ஒற்றை இயர்பட்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை 8.30 மணிக்கு உள்ளே போய் இரவு 8.30க்கு வெளியே வருவது. டீ, சாப்பாட்டு நேரம் போக 10 மணி நேரமாவது வேலை ஓடும். காதில் மாட்டும் இயர்பட்டோ ஒருமுறை சார்ஜ் செய்தால் 5 மணி நேரத்தில் கண்ணை மூடிவிடும். அதனால்தான் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு மற்றதைப் பெட்டியிலேயே விட்டுவைக்கும் பழக்கம் வந்தது. ஒன்றை மட்டும் போட்டால் சார்ஜ் இரண்டு மடங்கு நிற்கும் என்பது பலருடைய நம்பிக்கை. அது அப்படியே உண்மையல்ல. ஒவ்வொரு இயர்பட்டுக்கும் தனி பேட்டரி, தனி சிப், தனி ரேடியோ. பெட்டியில் தூங்கும் இடது பட் தன் மின்சாரத்தை வலதுக்குக் கடன் கொடுப்பதில்லை. 40 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 8 மில்லி ஆம்பியர் செலவானால், தனியாக ஓடினாலும் ஜோடியாக ஓடினாலும் 5 மணி நேரம்தான். லாபம் கிடைப்பது முறை மாற்றுவதில். ஒன்று ஓடும் 5 மணி நேரத்துக்குள், ஒன்றரை மணி நேரத்தில் மற்றது பெட்டியில் நிரம்பிவிடும். பெட்டி இரண்டையும் மூன்று முறை நிரப்பும் என்று வைத்துக்கொண்டால், ஜோடியாகக் கேட்பவருக்கு மொத்தம் 20 மணி நேரம். மாற்றி மாற்றிக் கேட்பவருக்கு 40 மணி நேரம், அதுவும் நடுவில் நிற்காமல்.

ஆனால் எல்லா இயர்பட்டும் இதற்கு ஒத்துவராது. வழக்கமான புளூடூத்தில் போன் பாட்டை ஒரே ஒரு கருவிக்குத்தான் அனுப்பும். பழைய மாடல்களில் முதன்மையான பட் அதை வாங்கி மற்றதற்குக் கைமாற்றிவிடும். முதன்மை இல்லையென்றால் மற்றது ஊமை. இன்றைய மாடல்கள் பலவற்றில் இந்தப் பொறுப்பை எந்தப் பக்கமும் ஏற்கும். கண்டறிவது எளிது: ஒன்றைப் பெட்டியில் மூடி வைத்து, மற்றதை மட்டும் எடுத்துப் பாருங்கள், பிறகு அதையே பக்கம் மாற்றிச் செய்யுங்கள். இரண்டும் தனியாக இணைந்தால் சரி. அடுத்து, பாட்டில் ஒரு பக்கத்து வாத்தியம் காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். நல்ல பட் தனியாக இருக்கும்போது இடது, வலது இரண்டு ஒலியையும் கலந்தே தரும். தராவிட்டால் போனின் `Accessibility` பகுதியில் `Mono audio` என்பதை இயக்கினால் போதும்.

மாற்றும்போது வரிசைதான் முக்கியம். முதன்மை பட், போனுடனான இணைப்பை வைத்திருக்கிறது. அந்த இணைப்பை ஒப்படைக்க அடுத்த பட் விழித்திருக்க வேண்டும். ஆகவே புதியதை முதலில் வெளியே எடுத்து, இரண்டிலும் ஒலி வந்தபின் பழையதைப் பெட்டியில் வையுங்கள். தலைகீழாகச் செய்தால் இணைப்பு அறுந்து மறுபடி தேடும்; சாயப்பட்டறையோடு பேசிக்கொண்டிருக்கும் மெர்ச்சண்டைசருக்கு அழைப்பின் பாதி பேச்சு போய்விடும். வைத்த பட் உண்மையில் சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த ஊரில் பஞ்சு எங்கேயும் பறக்கும்; பெட்டிக்குள் இருக்கும் பின்களில் அது வியர்வையோடு ஒட்டினால், மூடிவைத்த பட் சார்ஜ் ஏறாமல், சில சமயம் போனோடு இணைந்தபடியே கிடக்கும்.

அடிக்கடி சார்ஜ் செய்தால் பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகாதா என்று கேட்கலாம். இங்கே கணக்கு நமக்குச் சாதகம். லித்தியம் பேட்டரி ஏறத்தாழ 500 முழுச் சுற்றுகளில் தளரத் தொடங்கும் என்று கொள்வோம். தினம் 10 மணி நேரம் ஜோடியாகக் கேட்டால் ஒவ்வொரு பட்டுக்கும் 2 சுற்று, அதாவது 250 நாள். மாற்றிக் கேட்டால் ஒரு சுற்று, 500 நாள். இந்தச் சின்ன பேட்டரியைக் கழற்றி மாற்ற வழி இல்லாததால், மணி நேரக் கணக்கைவிட இதையே பெரிய லாபமாகச் சொல்வேன்.

காதைப் பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. இரண்டு காதில் கேட்கும் அதே சத்தத்தை ஒரு காதில் உணர, சுமார் 6 டெசிபல் வரை கூட்ட வேண்டியிருக்கும். ஓவர்லாக் மெஷின் வரிசைக்கு நடுவே இன்னும் கூட்டத் தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் இது பாதியாகும். 6 கூட்டினால் 10 மணி நேரம்தான். மாற்றிப் போடுவதால் ஒவ்வொரு காதுக்கும் பாதி நேரம் ஓய்வு கிடைக்கிறது, ஆனால் அனுமதி நேரம் கால்வாசியாகச் சுருங்கிவிட்டது. பேட்டரியில் மிச்சம் பிடித்ததைக் காதில் இழக்கிறோம். ஆகவே தையல் தளத்தின் இரைச்சலில் ஒற்றை பட்டில் பாட்டு கேட்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. அலுவலக அறையில் அழைப்புகளுக்கும், சத்தம் குறைந்த செக்கிங் மேஜைக்கும் அது சரியான ஏற்பாடு. பேச்சு எப்படியும் மோனோவாகத்தான் வருகிறது, இழப்பு எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை பெட்டியின் பின்களை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.