லேட்டாக வரும் சப்ளையர்கூட பரவாயில்லை... ஏன்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி பேரிங், பெல்ட், போல்ட் விற்கும் கடைகள் நிறைய உண்டு. மெஷின் நின்றுபோய் ஓடி வருபவரிடம் ‘நாளைக்கு வந்துடும் சார்’ என்றால், அவர் பாரிமுனைக்கு வண்டியைத் திருப்பிவிடுவார். அதற்காக எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தால் பணம் ஷெல்ஃபில் முடங்கும். எனில், கூடுதலாக எவ்வளவு வைத்திருப்பது? இதற்குத்தான் ‘சேஃப்டி ஸ்டாக்’ கணக்கு.

உதாரணத்துக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 6204 பேரிங் ஒரு நாளைக்குச் சராசரியாக 8 விற்கிறது. அதில் ஏற்ற இறக்கம் 3. ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து சரக்கு கைக்கு வர, கடைசி பத்து முறை ஆன நாள்கள்: 4, 5, 4, 9, 5, 4, 6, 12, 5, 6. சராசரி 6 நாள். இந்தப் பத்து எண்களையும் மொபைலில் ஷீட்டில் போட்டு `STDEV.S` கொடுத்தால், ஏற்ற இறக்கம் 2.58 நாள் என்று வரும். விற்பனையின் ஏற்ற இறக்கத்தையும் இப்படியே எடுக்கலாம். இனி, கணக்கு இதுதான்:

```
=1.65*SQRT(6*3^2+8^2*2.58^2)
```

விடை 36. 1.65 என்பது, நூறு ஆர்டரில் 95 முறை சரக்கு தீராமல் இருப்பதற்கான எண். ஆறு நாள் விற்பனைக்கு 48, அதோடு சேஃப்டி ஸ்டாக் 36. ஆக, கையிருப்பு 84-க்கு இறங்கியதும் அடுத்த ஆர்டரைக் கொடுத்துவிட வேண்டும்.

சுவாரஸ்யம் இனிமேல்தான். இன்னொரு சப்ளையர் 8 நாள் எடுத்துக்கொள்கிறார். ஆனால், சொன்ன நாள் தவறுவதே இல்லை. அவரிடம் வாங்கினால் சேஃப்டி ஸ்டாக் வெறும் 14 போதும்! சராசரியில் இரண்டு நாள் தாமதமானவர்தான், கடைக்காரரின் பணத்தைக் குறைவாக முடக்குகிறார். முதல் சப்ளையரிடம் 36 தேவைப்படுவதற்கு முக்கியக் காரணம் விற்பனை அல்ல, அவர் எப்போது வருவார் என்று தெரியாததுதான். எனவே, ‘சீக்கிரம் அனுப்புங்க’ என்று கேட்பதைவிட ‘சொன்ன நாளில் அனுப்புங்க’ என்று கேட்பதே லாபம்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. சரக்கே இல்லாத நாளை ‘விற்பனை பூஜ்யம்’ என்று எழுதினால், தேவை குறைவாகத் தெரிந்து கணக்கு கெட்டுவிடும். அந்த நாள்களை விட்டுவிடுங்கள்.

அடுத்து, தாமதம் என்பது அளவோடு நிற்பதில்லை. மேலே உள்ள பட்டியலில் 12 நாள் ஆன அந்த ஒருமுறைக்கு 96 பேரிங் தேவைப்பட்டிருக்கும், 84 போதாது. பத்து ஆர்டரில் இரண்டு மூன்று முறை சரக்கு தீர்ந்தால், இந்த எண் உங்கள் சப்ளையருக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்போது பட்டியலில் உள்ள அதிகபட்ச நாளையே கணக்கில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே வெள்ளத்தில் நின்றது. அந்த மாதிரி நாள்களுக்கு இந்தச் சூத்திரம் உதவாது. வேகமாக விற்கும் பொருள்களை மட்டும் மழைக்கு முன்பே கூடுதலாக வாங்கி, மேல் ரேக்கில் வைப்பதுதான் வழி.