ஸ்பீக்கரின் ஃபோம் உதிர்ந்தால்

இருபது வருடப் பழைய ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றினால், கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் விரல் பட்டதும் பிசுபிசுத்த தூளாக உதிர்வதைப் பார்க்கலாம். அது பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. பாட்டே போடாமல் பரணில் வைத்திருந்தாலும் இது நடக்கும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம் நடக்கும். காந்தமும் காயிலும் நன்றாக இருக்கும்போதே, இந்த ஒரு வளையத்துக்காகப் பல நல்ல ஸ்பீக்கர்கள் பழைய சாமான் கடைக்குப் போய்விடுகின்றன.

கோனின் அடியில் இருக்கும் வாய்ஸ் காயில், காந்தத்தின் நடுவிலுள்ள குறுகிய வட்ட இடுக்கில் மேலும் கீழும் ஆடுகிறது. காயிலுக்கும் இடுக்கின் சுவருக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கீழே ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியும் மேலே ஃபோமும் சேர்ந்துதான் அதை நடுவில் பிடித்து நிறுத்துகின்றன. புது ஃபோமைக் கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் காயில் சுவரில் உரசும். பாட்டோடு சேர்ந்து கரகரப்பும் வரும்.

அதனால் கிட் வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை செய்துவிட வேண்டும். ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி, மீதமுள்ள ஃபோமை எடுத்துவிட்டு, கோனின் எதிரெதிர் பக்கங்களில் விரல்களை வைத்து ஒரே அளவாக மெதுவாக அழுத்துங்கள். ஸ்பைடர் மட்டும் பிடித்திருக்கும் இந்த நிலையிலும் சத்தமில்லாமல் போய்வந்தால் காயில் நேராக இருக்கிறது. அப்போதே உரசினால் காயில் கருகி உப்பியிருக்கலாம், ஸ்பைடர் தொய்ந்திருக்கலாம். அதை ஃபோம் மாற்றிச் சரிசெய்ய முடியாது. மல்டிமீட்டரும் வைத்துப் பாருங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 முதல் 7 ஓம் காட்டினால் காயில் அறுந்துபோகவில்லை.

கிட் வாங்கும்போது ‘8 இஞ்ச்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரே 8 இஞ்ச் என்ற பெயரில் பல அளவுகள் வருகின்றன. ஓர் உதாரணம்: கோனின் விட்டம் 155 மி.மீ., சட்டத்தில் ஃபோம் ஒட்டியிருந்த விளிம்பின் வெளிவிட்டம் 197 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் வளையத்தின் உள்விட்டம் 145 மி.மீ. இருந்தால், கோனின் மேல் சுற்றிலும் 5 மி.மீ. பட்டை படியும், ஒட்டுவதற்கு அது போதும். வளையத்தின் உப்பிய மடிப்பு மட்டும் கோனின் விளிம்புக்கு வெளியிலிருந்தே தொடங்க வேண்டும். அது கோன்மேல் ஏறினால் ஆட்டம் தடைப்படும். பழைய ஃபோம் கோனின் முன்புறம் ஒட்டியிருந்ததா பின்புறமா, உள்பட்டை தட்டையா சரிவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் உழைக்கும் என்று ஃபோம் இருந்த இடத்தில் கனமான ரப்பர் வளையம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடும் பாகத்தின் எடையும் விறைப்பும் மாறினால், அந்தப் பெட்டிக்கென்று அமைத்த பேஸ் ஒலியும் மாறிவிடும்.

காகிதக் கோனுக்குக் கிட்டோடு வரும் வெள்ளைப் பசை நல்லது. மெதுவாக இறுகுவதால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும்; காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும். சூப்பர் குளூ விறைத்துவிடும், ஒரு நொடிகூட அவகாசம் தராது. பிளாஸ்டிக் கோன் என்றால் அதற்கென்று உள்ள பசையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஊறவைத்து, மொண்ணைக் கத்தியால் சுரண்டுங்கள். காகிதம் நனைந்து ஊறிவிடக் கூடாது. இரும்புக் கருவியைக் காந்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சட்டென்று இழுக்கப்பட்டுக் கோனைக் கிழித்துவிடும்.

முதலில் உள்பட்டையைக் கோனோடு மட்டும் ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் சட்டத்தில் பசை தடவி வெளிப்பட்டையைப் படியவைத்து, பசை இறுகுவதற்குள் கோனை முன்போலவே அழுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் அழுத்தினால் உரசுகிறது என்று காதை வைத்துக் கேட்டு, வெளிப்பட்டையை இம்மி இம்மியாக நகர்த்துங்கள். ஆம்ப்ளிஃபையரில் 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த அளவில் கொடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கோன் நிதானமாக ஆடும். காயில் உரசினால் ‘ஸ்ர்ர்’ என்ற சத்தம் தனியாகக் கேட்கும். அது நின்ற இடத்தில் துணி கிளிப்புகளைச் சுற்றிலும் மாட்டி, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.

ஸ்பைடர் லேசாகத் தொய்ந்திருந்தால் மட்டும், நடுவிலுள்ள டஸ்ட் கேப்பை அறுத்தெடுத்து, காயிலுக்கும் நடுத் தண்டுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் சுற்றிலும் செருகி, காயிலை நடுவில் இறுக்கி நிறுத்திக்கொண்டு ஒட்டலாம். காய்ந்ததும் பட்டைகளை உருவிவிட்டுப் புது கேப் ஒட்ட வேண்டும்.

காய்ந்த பிறகு உரசல் தெரிந்தால் வெளிப்பட்டையை மட்டும் ஆல்கஹாலால் இளக்கி மறுபடி ஒட்டலாம். கோனோடு ஒட்டிய பகுதியைத் தொட வேண்டியதில்லை. ஜோடியில் ஒன்றின் ஃபோம் மட்டும் உதிர்ந்திருந்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மற்றதும் அதே வயதுதான். அதோடு பழைய ஃபோமும் புது ஃபோமும் ஒரே விறைப்பில் இருக்காது, இரு பக்கத்து பேஸும் ஒத்துப்போகாது.