நூறாண்டுக் கணக்குக்கும் பிடிபடாத சராசரி

“நீண்டகாலத்தில் பங்குகள் ஆண்டுக்கு 12 சதவீதம் தரும்” என்று சொல்லும்போது, அந்த 12 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பழைய ஆண்டுகளின் லாப நட்டத்தைக் கூட்டி வகுத்தால் வருவதுதான் அது. அமெரிக்கப் பெருநிறுவனப் பங்குகளுக்கு 1926 முதல் ஒழுங்கான கணக்கு இருக்கிறது. டிவிடெண்டையும் சேர்த்தால் அங்கே ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 12 சதவீதம்.

ஆனால் எந்த ஆண்டும் சராசரிப்படி நடப்பதில்லை. 1931-இல் சுமார் 43 சதவீதம் சரிவு, 1933-இல் 54 சதவீதம் ஏற்றம், 2008-இல் 37 சதவீதம் சரிவு. இந்தச் சிதறலை அளக்கும் திட்டவிலக்கம் சுமார் 20 சதவீதம். அதை ஆண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், சராசரியில் இருக்கக்கூடிய பிழையின் அளவு கிடைக்கும். நூறு ஆண்டுகளுக்கு 20-ஐ 10-ஆல் வகுக்க, 2 சதவீதம். இருபுறமும் அதைப்போல் இரு மடங்கு விட்டால் 8 முதல் 16 வரை வருகிறது. இதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. இந்த முறையில் பலமுறை இடைவெளி கணித்தால், நூற்றில் ஏறக்குறைய 95 இடைவெளிகளுக்குள் உண்மைச் சராசரி அகப்படும்.

நூறாண்டு விவரத்துக்கே இவ்வளவு அகலம். கையில் 25 ஆண்டுக் கணக்கு மட்டும் இருந்தால் பிழை 4 சதவீதம். இடைவெளி 4 முதல் 20 வரை விரியும். ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 1,600 ஆண்டுக் கணக்கு தேவை. அதுவரை சந்தையின் இயல்பு மாறாமலும் இருக்க வேண்டும்!

ஆண்டுக் கணக்கை விட்டுத் தினசரி விலைகளை எடுத்தால் விவரம் பெருகுமே என்று தோன்றும். சிதறலை அளக்க அது உண்மையிலேயே உதவுகிறது. சராசரிக்கு உதவாது. கூட்டு வளர்ச்சி விகிதத்தைத் தொடக்க மதிப்பும் இறுதி மதிப்பும் இடைப்பட்ட காலமுமே தீர்மானிக்கின்றன. நடுவே எத்தனை முறை விலையைக் குறித்தாலும் விடை மாறாது. பொருளாதார அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1980-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் விளக்கியது.

இந்த அகலம் குடும்பக் கணக்கில் எப்படி விழும்? ஏற்ற இறக்கம் காரணமாகக் கூட்டு வளர்ச்சி, சராசரியைவிட ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். ஆகவே 8–16 என்பதை 6–14 என்று கொள்வோம். ஒரு லட்சம் ரூபாய் 30 ஆண்டுகளில், 6 சதவீதத்தில் 5.7 லட்சம் ஆகும். 14 சதவீதத்தில் 51 லட்சம். ஓய்வுக்காலத் திட்டத்தை ஒரே விகிதத்தில் போட்டுக் காட்டுபவரிடம், கீழ் எல்லையிலும் போட்டுத் தரும்படி கேட்பது நியாயம்.

இடைவெளிக்குள் அடங்காத இன்னொரு பிழையும் உண்டு. நாம் எடுத்தது தொடர்ந்து இயங்கிய, செழித்த ஒரு சந்தை. 1917-இல் ரஷ்யாவிலும் 1949-இல் சீனாவிலும் புரட்சி வந்து பங்குதாரர்களின் முதல் முழுவதும் போயிற்று. அவற்றையும் சேர்த்தால் சராசரி இறங்கும்.