பேரவைக் குறிப்பேட்டில் பன்னிரண்டு மூட்டைகள்

தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கில், 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் பால் உற்பத்தியாளர் சங்கமொன்றின் பொதுப்பேரவை கூடுகிறது எனக் கொள்வோம். இருப்புப் பதிவேட்டில் மாட்டுத்தீவனம் 40 மூட்டை, கிடங்கிலோ 28. '12 மூட்டை குறைவு' என்கிறார் தணிக்கையாளர். அக்குறிப்பை அவர் சொற்களிலேயே நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். 'அவை கடனாக வழங்கப்பட்டனவா?' என்று உறுப்பினர் வினவினால், அவ்வினாவும் செயலாளரின் விடையும் அடுத்து இடம்பெறும்; விடை கிடைக்கவில்லையெனில் அதுவும் பதிவாகும். அதன்பின்னரே தீர்மானம்: 'மார்ச்சு 31 முடிய உள்ள தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், 12 மூட்டைக் குறைவு நீங்கலாக, ஏற்கப்பட்டன.'

'ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடிப்பதே பலருக்கு எளிது. அவ்வரியில் மூட்டைகளும் இல்லை, கேட்டவரும் இல்லை. மறு ஆண்டில் அக்குறைவைப் பற்றி வினவுவோர் சுட்டிக்காட்டப் பேரவையின் பதிவு ஏதும் இராது.