பென் டிரைவ் பழுதான பிறகு துறைத் தலைவருக்கு ஒரு கடிதம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கல்லூரிகளின் முதுகலைத் துறைகளுக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வரத் தொடங்கும். ‘எதிர்பாராத விதமாக எனது பென் டிரைவ் பழுதாகிவிட்டதால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சில நாட்கள் அவகாசம் அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ எழுதிய மாணவருக்கு அதன் பின்னால் இருப்பது பல மாத உழைப்பு, தூக்கமில்லாத இரண்டு இரவுகள். படிக்கும் துறைத் தலைவருக்கோ அந்த வரியிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. என்ன போயிற்று? எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ‘சில நாட்கள்’ என்றால் மூன்றா, பதினைந்தா? நெறியாளருக்கு இது தெரியுமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. எழுதி முடிக்காத ஆய்வேட்டுக்குப் பழுதான ஃபைலையோ டிரைவையோ காரணம் காட்டி நாள் வாங்குபவர்களை ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் உண்மையிலேயே இழந்தவரின் கடிதமும் சந்தேகத்தோடுதான் பிரிக்கப்படுகிறது. அந்தச் சந்தேகத்தைப் பணிவான சொற்கள் தீர்ப்பதில்லை, விவரங்கள்தான் தீர்க்கும். விவரம் வேண்டுமென்றால், கடிதத்துக்கு உட்காரும் முன் டிரைவுக்கு என்ன ஆனது என்று பார்த்தாக வேண்டும்.

பென் டிரைவுக்குள் முக்கியமாக இருப்பவை இரண்டு: தகவலைத் தேக்கிவைக்கும் நினைவகச் சில்லு, அதை ஆளும் கன்ட்ரோலர். நாம் சேமிக்கும் ஒரு ஃபைல் சில்லில் ஒரே இடத்தில் வரிசையாக உட்காருவதில்லை. கன்ட்ரோலர் அதைத் துண்டுதுண்டாகப் பல இடங்களில் வைத்துவிட்டு, எது எங்கே என்ற குறிப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. கன்ட்ரோலர் செத்துவிட்டால், அட்டவணை தொலைந்த நூலகம் போலத்தான்: புத்தகங்கள் எல்லாம் உள்ளேயே இருக்கும், கேட்டதை எடுத்துத் தர ஆளிருக்காது.

எது கெட்டது என்பதைக் கணினியின் திரை ஓரளவு சொல்லிவிடும். டிரைவுக்குள் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால், அது பெரும்பாலும் பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ ஒட்டிக்கொண்ட வைரஸ். ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஷார்ட்கட் எதையும் கிளிக் செய்யாமல், வைரஸ் தடுப்பு உள்ள கணினியில் செருகி, கமாண்ட் பிராம்ப்ட்டில் இந்த ஒரு வரியைக் கொடுத்தால் பெரும்பாலும் அவை வெளியே வந்துவிடும் (E என்பது டிரைவின் எழுத்து):

```
attrib -h -r -s /s /d E:\*.*
```

இப்படி மீண்டுவிட்டால் கடிதமே தேவைப்படாது.

‘You need to format the disk in drive E: before you can use it’ என்று திரை கேட்டால், கெட்டிருப்பது பெரும்பாலும் ஃபைல்களின் பட்டியல்தான். உள்ளே தகவல் அப்படியே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இங்கேதான் பதற்றத்தில் கை ‘ஃபார்மட்’டை அழுத்திவிடும். அழுத்தக்கூடாது, அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதவும் கூடாது. ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள், சில்லில் கிடக்கும் தகவலை நேரடியாகத் தேடி ஃபைல்களை எடுத்துத் தரும். எடுத்ததை வேறு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். பழைய பெயர்கள் பெரும்பாலும் திரும்பி வராது, f0284672.docx என்பது போன்ற பெயர்களில் ஃபைல்கள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஒரு முழு நாள் ஆகலாம். அந்த நாளையும் அவகாசக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

‘Please insert a disk into drive E:’ என்று வந்தாலோ, கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டினாலோ, விளக்குகூட எரியாவிட்டாலோ, நிலைமை மோசம். கன்ட்ரோலரோ, செருகும் முனையின் பற்றவைப்போ போயிருக்கும். வீட்டு மென்பொருள் எதுவும் இதில் வேலை செய்யாது. முனை மட்டும் விட்டுப்போயிருந்தால் நல்ல மொபைல் சர்வீஸ்காரர் மறுபடி பற்றவைத்துத் தந்துவிடலாம். கன்ட்ரோலர் போயிருந்தால் சில்லைத் தனியே பெயர்த்துப் படிக்கும் தகவல் மீட்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். செலவு மாணவர் கைக்கு எட்டாததாக இருக்கலாம், நாளும் பிடிக்கும், உறுதியும் இல்லை. வாரன்டி இருக்கிறதே என்று கடையில் கொடுத்துவிடுவது இன்னும் ஆபத்து. வாரன்டி டிரைவுக்குத்தான், உள்ளே இருக்கும் தகவலுக்கு அல்ல. புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொள்வார்கள்.

டிரைவைத் தவிர வேறு எங்கே தேடலாம் என்பது பலருக்கு அந்த நேரத்தில் தோன்றுவதில்லை. பென் டிரைவிலிருந்தே வேர்டு ஃபைலைத் திறந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது டிரைவ் நின்றுபோனால், வேர்டு தானாகச் சேமித்த நகல் அந்தக் கணினியின் வன்தட்டில் இருக்கக்கூடும். வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது எடுக்கப்படுகிறது. ஆனால் பல கல்லூரி ஆய்வகங்களில், அணைத்துப் போட்டதும் கணினியைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருள் வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தக் கணினியை அணைக்காமல், ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டுத் தேடச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் நெறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், தோழிக்கு வாட்ஸ்அப்பில் போட்ட ஃபைல், தட்டச்சு செய்த டி.டி.பி. சென்டரின் கணினி, சிவப்பு மையில் திருத்தி வந்த அச்சுத்தாள்கள். அச்சுத்தாளைப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால், தமிழ் எழுத்துகளைக்கூட அது ஓரளவு படித்து, திருத்தக்கூடிய வடிவில் தந்துவிடும். பிழை பார்க்க வேண்டியிருக்கும், ஆனாலும் முழுதாக அடிப்பதைவிட வேகம்.

இனி ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எம்.காம். இறுதியாண்டு மாணவி ஒருவர். சுய உதவிக் குழுப் பெண்களின் சேமிப்புப் பழக்கம் பற்றி ஐந்து இயல்களில் ஆய்வேடு, 120 வினாத்தாள்கள். துறை வைத்த கடைசி நாள் மார்ச் 20, பல்கலைக்கழகத்துக்குத் துறை அனுப்ப வேண்டிய நாள் ஏப்ரல் 5. மார்ச் 17 மாலை டிரைவ் ‘Please insert a disk’ என்கிறது. 18ஆம் தேதி முழுவதும் தேடியதில் முதல் இரண்டு இயல்கள் நெறியாளரின் மின்னஞ்சலில் கிடைக்கின்றன. மூன்றாம் இயல் அச்சுத்தாளாக இருக்கிறது. நான்காம் இயலின் எக்செல் அட்டவணைகளும் ஐந்தாம் இயலும் எங்கேயும் இல்லை. ஆனால் பெண்கள் நிரப்பித் தந்த 120 வினாத்தாள்களும் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வின் உயிர் அதுதான். கடிதத்தில் இது தவறாமல் இடம்பெற வேண்டும்.

மூன்றாம் இயலை மறுபடி தட்டச்சு செய்ய ஒரு நாள். ஒரு வினாத்தாளை எக்செல்லில் ஏற்ற ஐந்து நிமிடம் என்றால் 120க்குப் பத்து மணி நேரம், சரிபார்ப்பையும் சேர்த்து இரண்டு நாள். அட்டவணைகளும் நான்காம் இயலும் எழுத மூன்று நாள், ஐந்தாம் இயலுக்கு இரண்டு நாள், நெறியாளர் படிக்க ஒரு நாள், அச்சும் பைண்டிங்கும் ஒரு நாள். ஆக மொத்தம் பத்து நாள். 19ஆம் தேதி தொடங்கினால் 28ஆம் தேதி மாலை ஏடு தயார். துறையின் கெடுவுக்கு மேல் அவர் கேட்க வேண்டியது எட்டு நாள்தான், பல்கலைக்கழகத்தின் தேதிக்கும் பாதிப்பில்லை. இது துறைத் தலைவருக்கு மிக முக்கியம். துறையின் கெடு அவர் கையில், பல்கலைக்கழகத்தின் கெடு அவர் கையில் இல்லை. முதலாவதை நீட்டித் தர அவரால் முடியும் என்பதைக் கடிதமே காட்டிக்கொடுக்க வேண்டும்.

அனுப்புநரில் பெயர், பதிவு எண், வகுப்பு. பெறுநர் துறைத் தலைவர், ‘வழி: ஆய்வு நெறியாளர்’ என்ற குறிப்போடு. பிறகு இப்படி:

“மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: ஆய்வேடு சமர்ப்பிக்க மார்ச் 28 வரை அவகாசம் வேண்டுதல்.

எனது ஆய்வேட்டை மார்ச் 20 அன்று சமர்ப்பிக்க வேண்டும். மார்ச் 17 மாலை, ஆய்வேடு இருந்த பென் டிரைவ் பழுதாகி, எந்தக் கணினியிலும் திறக்கவில்லை. பழுதுபார்ப்பவரிடம் காட்டியதில் கன்ட்ரோலர் செயலிழந்துவிட்டதாக எழுதித் தந்துள்ளார். வேறு நகல் எடுத்து வைக்காதது என் தவறு.

இயல் 1, 2 நெறியாளரின் மின்னஞ்சலில் உள்ளன. இயல் 3 அச்சுப்படியாக உள்ளது. இயல் 4, 5 இழக்கப்பட்டுள்ளன. நிரப்பப்பட்ட 120 வினாத்தாள்களும் என்னிடம் உள்ளன. எப்போது கேட்டாலும் காட்டுகிறேன்.

மார்ச் 24 மாலை இயல் 4ஐ நெறியாளரிடம் ஒப்படைத்து, மார்ச் 28 மாலைக்குள் முழு ஆய்வேட்டையும் சமர்ப்பிக்கிறேன். இந்த அவகாசத்தை அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: பழுதுபார்ப்பவரின் சீட்டு, திரையின் படம், இயல் 3இன் திருத்தப்பட்ட அச்சுப்படி.”

இதில் ‘எதிர்பாராத விதமாக’ இல்லை, வீட்டுக் கஷ்டம் இல்லை. தவறை ஒரே வரியில் ஒப்புக்கொண்டாகிவிட்டது, அதையே சொல்லிச் சொல்லி மன்றாட வேண்டியதில்லை. இடையில் வரும் 24ஆம் தேதி சின்ன விஷயமாகத் தோன்றலாம். சந்தேகப்படும் துறைத் தலைவருக்கு அதுதான் பிடிமானம்: நான்கு நாள் முன்பாகவே வேலை நடக்கிறதா என்று அவரால் பார்க்க முடியும். டிரைவ் மீண்டுவிடும் என்ற நம்பிக்கையைக் கடிதத்தில் எங்குமே கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மீண்டால் முன்கூட்டியே கொடுக்கலாம். மீளாவிட்டால் இரண்டாவது கடிதம் எழுத நேரும், அதற்கு மரியாதை இருக்காது.

கடிதத்தைக் கொடுக்கும் நாளும் முக்கியம். இந்தக் கணக்கில் மாணவி 18ஆம் தேதி தேடி முடித்து, 19 காலை நெறியாளரிடம் போகிறார். நெறியாளர் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், அவர் முந்தைய இயல்களைக் கண்ணால் பார்த்தவர் என்பதற்கு அதுவே சாட்சி. 20ஆம் தேதி மாலை, கெடு முடிந்த பிறகு நீட்டினால், அதே விவரங்கள் சாக்குப்போக்காகத் தெரியும்.

துறைத் தலைவர் எட்டு நாளுக்குப் பதில் ஐந்து நாள் தரலாம். அப்போது 25ஆம் தேதிக்குள் நான்கு இயல்கள் முடிந்திருக்கும், ஐந்தாவது மட்டும் நிற்கும். நான்கையும் ஸ்பைரல் பைண்டிங்கில் கொடுத்துவிட்டு, ஐந்தாவதைச் சேர்த்த கெட்டி அட்டை ஏட்டை வாய்மொழித் தேர்வுக்கு முன் தர அனுமதி கேட்கலாம். எது கிடைத்தாலும், ஒப்புதல் கையெழுத்தும் தேதியும் உள்ள கடிதத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். அலுவலகத்தில் ஏட்டை வாங்கிக்கொள்ளும் எழுத்தருக்கு இந்தக் கதை தெரியாது; அவர் பதிவேட்டில் மார்ச் 20 என்றுதான் இருக்கும்.